கிரியேட்டினின் ஏறுகிறது: தண்ணீர் மாத்திரையைக் கூட்டுவதா, குறைப்பதா?

இதயம் பலவீனமான ஒருவருக்குக் கால் வீங்குகிறது, நடந்தால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் கூடியிருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருவது, கூடுதல் நீரைச் சிறுநீராக வெளியேற்ற அவர் சாப்பிடும் தண்ணீர் மாத்திரையின் மீதுதான். "அதுதான் கிட்னியைக் கெடுக்கிறது, நிறுத்திவிடலாம்" என்பார்கள். சில நேரம் அது சரியாக இருக்கும். ஆனால் கால் வீங்கி, மூச்சும் வாங்கும் நிலையில் மாத்திரையை நிறுத்துவது பெரும்பாலும் அதே கிட்னியை இன்னும் மோசமாக்கும். ஒரே கிரியேட்டினின் எண்ணுக்கு ஒரு நாள் மாத்திரையைக் கூட்ட வேண்டியிருக்கும், இன்னொரு நாள் நிறுத்த வேண்டியிருக்கும். அது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து கெடுவதை, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதை, மருத்துவர்கள் கார்டியோரீனல் சிண்ட்ரோம் என்பார்கள். 2008இல் கிளாடியோ ரோங்கோ என்ற இத்தாலியச் சிறுநீரக மருத்துவரும் அவருடைய சகாக்களும் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எது முதலில் கெட்டது, திடீரென்று கெட்டதா மெதுவாகக் கெட்டதா என்பதுதான் அந்தப் பிரிவின் அடிப்படை. நோயாளியின் படுக்கையருகே நிற்கும்போது இந்த வகைகள் அவ்வளவாக உதவுவதில்லை. பல வருடம் நோயோடு இருப்பவரிடம் எது முதலில் கெட்டது என்று பிரித்துச் சொல்வதே கஷ்டம். அதனால் வகைகளை விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

சிறுநீரகத்துக்கு வேண்டியது இரண்டு பக்கத்துக்கும் இடையே அழுத்த வித்தியாசம்

ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய 1 லிட்டர் இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உறுப்புக்கு ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ரத்தத்திலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரைச் சிறுநீரகம் வடிகட்டுகிறது. பிறகு அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விடுகிறது.

இந்த வடிகட்டல் நடப்பது அழுத்தத்தால். தமனி வழியாக ரத்தம் நல்ல அழுத்தத்தோடு உள்ளே வர வேண்டும். வேலை முடிந்த ரத்தம் சிரை வழியாகத் தடையில்லாமல் வெளியேற வேண்டும். இதயம் பலவீனமானால் உள்ளே வரும் ரத்தம் குறையும் என்பது எல்லோருக்கும் சட்டென்று புரியும். இரண்டாவது பாதியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்.

இதயத்தால் முன்னால் தள்ள முடியாத ரத்தம் பின்னால் தேங்கும். சிரைகளில் அழுத்தம் ஏறும். சாதாரணமாக இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய சிரையில் அழுத்தம் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும். இதயம் செயலிழந்து நீர் கோத்தவரிடம் அது 15, 20 என்றுகூட ஏறிவிடும். அந்த அழுத்தம் அப்படியே சிறுநீரகச் சிரைக்கும் போய்ச் சேருகிறது. வடிகால் அடைத்துக்கொண்ட வயல் மாதிரிதான் அப்போது சிறுநீரகம்: வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் தேங்கிய தண்ணீரில் பயிர் அழுகுகிறது. சிறுநீரகத்தைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று இருப்பதால் அது வீங்கிக்கொள்ளவும் இடமில்லை. உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் நசுங்குகின்றன, வடிகட்டல் குறைகிறது, கிரியேட்டினின் ஏறுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. உடலிலிருந்து தனியே எடுத்த நாயின் சிறுநீரகத்தில் சிரை அழுத்தத்தைக் கூட்டினால் சிறுநீர் குறைகிறது என்று விண்டன் என்ற உடலியலாளர் 1931லேயே காட்டிவிட்டார். ஆனாலும் "இதயம் போதுமான ரத்தம் அனுப்பவில்லை, அதனால் கிட்னி காய்கிறது" என்ற ஒற்றை விளக்கமே வெகு காலம் கோலோச்சியது. நீர் கோத்து மருத்துவமனைக்கு வருபவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுப்பதில் பின்பக்கத் தேக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இந்த நூற்றாண்டில்தான் சிகிச்சையில் உறைக்க ஆரம்பித்தது.

சிறுநீரகம் செய்யும் பதில் வேலை

வடிகட்டல் குறைந்ததும் சிறுநீரகம் ஒரு தவறான முடிவுக்கு வருகிறது: உடலில் ரத்தம் போதவில்லை. உண்மையில் உடலில் நீர் பல லிட்டர் கூடுதலாக இருக்கும். ஆனால் சிறுநீரகத்துக்கு அது தெரியாது. தன்னிடம் வந்து சேருவதை வைத்துத்தான் அதற்குக் கணக்கு. உடனே ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தொடர்ச்சியாக ஆஞ்சியோடென்சினும் ஆல்டோஸ்டிரோனும் கூடுகின்றன. முதலாவது ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. இரண்டாவது உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது. உப்பு நின்றால் அதோடு நீரும் நிற்கும்.

இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் இன்னும் சிரமப்படுகிறது. கூடிய நீரால் இதய அறைகள் இழுபட்டு விரிகின்றன. தேக்கம் இன்னும் ஏறுகிறது, சிறுநீரகம் இன்னும் கெடுகிறது. சுழல் இப்படித்தான் ஓடுகிறது.

சிறுநீரகம் முதலில் கெட்டாலும் வந்து சேருவது இதே இடத்துக்குத்தான். உப்பை வெளியேற்ற முடியாததால் ரத்த அழுத்தம் கூடும், இதயத் தசை தடித்துப்போகும். ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்ட சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபாய்டின் குறைவதால் ரத்தசோகை வரும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக ஓட வேண்டியிருக்கும். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடம் மாறும்.

மாத்திரை வேலை செய்ய ஒரு வாசல் இருக்கிறது

தண்ணீர் மாத்திரைகளில் பலவகை உண்டு. இங்கே பேசுவது பியூரோசெமைடு, டோர்செமைடு ஆகிய வலுவான வகையைப் பற்றி. இவை தண்ணீரை நேரடியாக இழுப்பதில்லை. சிறுநீரக நுண்குழாயில் ஹென்லி வளைவு என்ற பகுதியில் உப்பைத் திரும்ப உறிஞ்சும் பம்பை அடைக்கின்றன. உப்பு சிறுநீரோடு போகிறது, உப்பின் பின்னால் நீர் போகிறது.

முக்கியமான விஷயம், இந்த மருந்து அந்தப் பம்பை நுண்குழாயின் உட்பக்கத்திலிருந்துதான் அடைக்க முடியும். ரத்தத்தில் அது அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதால் எளிதில் வடிகட்டப்படுவதில்லை. சிறுநீரகச் செல்கள் அதைத் தனியாக எடுத்துக் குழாய்க்குள் தள்ள வேண்டும். கெட்டுப்போன சிறுநீரகத்தில் அந்தத் தள்ளும் வேலை குறைகிறது. தேங்கியிருக்கும் கழிவு அமிலங்களும் அதே பாதைக்குப் போட்டி போடுகின்றன. அதனால்தான் கிட்னி கெட்டவருக்கு மாத்திரை குறைவாகத் தேவைப்படும் என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, பெரும்பாலும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

அடுத்து, இந்த மருந்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு இருக்கிறது. குழாய்க்குள் அந்த அளவு போய்ச் சேராவிட்டால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. ஒருவருக்கு 40 மில்லிகிராமில்தான் சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால், 20 மில்லிகிராமை இரண்டு வேளையாகக் கொடுப்பது அதற்குச் சமமாகாது. இரண்டு வேளையும் வீணாகப் போகலாம். அதேபோல் மேல் எல்லையும் ஒன்று உண்டு. அதைத் தாண்டிக் கொடுத்தால் பலன் கூடுவதில்லை, காது பாதிப்பு போன்ற தொல்லைகள்தான் கூடும்.

வாய்வழி பியூரோசெமைடுக்கு இன்னொரு சிக்கல். சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் நிறைய மாறும். நீர் கோத்தவருக்குக் குடலும் வீங்கியிருக்கும். மருந்து மெதுவாக உறிஞ்சப்படுவதால் தேவையான உச்சத்தை எட்டாமலேயே போய்விடும். வீட்டில் மாத்திரை வேலை செய்யாதவருக்கு மருத்துவமனையில் ஊசியாகப் போட்டதும் சிறுநீர் போவதற்கு இதுவும் ஒரு காரணம். டோர்செமைடு இந்த விஷயத்தில் ஒழுங்கானது, பெரும்பகுதி உடலில் சேர்ந்துவிடும். அதில் 20 மில்லிகிராம், பியூரோசெமைடு மாத்திரையில் 40 மில்லிகிராமுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள்.

பியூரோசெமைடின் வேலை ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்புறம் சிறுநீரகம் இழந்த உப்பை ஆவலோடு பிடித்து வைக்க ஆரம்பிக்கும். காலையில் மாத்திரை போட்டு நன்றாகச் சிறுநீர் போனவர் மாலையில் உப்பாகச் சாப்பிட்டால் காலையில் போனது இரவுக்குள் திரும்பி வந்துவிடும். உப்பைக் குறைக்கச் சொல்வதை வெறும் பத்தியமாக நினைக்க வேண்டாம். மாத்திரை பாதி வேலை செய்கிறது, உப்புக் கட்டுப்பாடுதான் மீதிப் பாதி.

ஒரே எண், இரண்டு நிலைமை

இப்போது ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். 66 வயதுப் பெரியவர், இதயமும் பலவீனம், சிறுநீரகமும் ஓரளவு பழுது. நன்றாக இருக்கும்போது அவர் எடை 68 கிலோ, கிரியேட்டினின் 1.4. தினமும் பியூரோசெமைடு 40 மில்லிகிராம் சாப்பிடுகிறார்.

ஒரு முறை கால் வீங்கி வருகிறார். எடை 75, கிரியேட்டினின் 1.9. எண்ணைப் பார்த்து யாரோ மாத்திரையை 20 ஆகக் குறைத்துவிடுகிறார்கள். ஒரு வாரத்தில் எடை 77 ஆகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது, கிரியேட்டினின் 2.3. மாத்திரையைக் குறைத்ததும் கிட்னி மோசமாகியிருப்பதைக் கவனியுங்கள். தேக்கம் கூடியது, அதனால் வடிகட்டல் குறைந்தது.

மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கழுத்துச் சிரை புடைத்திருக்கிறது, கால் தொடை வரை வீங்கியிருக்கிறது, ரத்த அழுத்தம் 120. ஹீமோகுளோபின் 10.8. பியூரோசெமைடு 80 மில்லிகிராம் ஊசி போடுகிறார்கள். பலன் இருக்கிறதா என்று அறிய மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் சிறுநீரில் உப்பின் பகுதியான சோடியம் எவ்வளவு என்று பார்க்கலாம். லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அந்த அளவு போதவில்லை. முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 மில்லிலிட்டர்கூடப் போகாவிட்டாலும் அதே அர்த்தம்தான். இவருக்குச் சோடியம் 35தான் வருகிறது. அடுத்த ஊசி 160 மில்லிகிராம். இப்போது சோடியம் 95, சிறுநீர் மணிக்கு 250 மில்லிலிட்டர். 80 என்பது அவருடைய வாசலுக்கு வெளியே நின்ற அளவு, 160 உள்ளே நுழைந்த அளவு. அதே 80ஐத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தால் நாட்கள்தான் கழிந்திருக்கும்.

மூன்றாம் நாள் எடை 73.5. ஆனால் கிரியேட்டினின் 2.4, கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த இடத்தில்தான் கை நடுங்கும். என் கருத்தில் அதிகமான தவறுகள் நடப்பது இங்கேதான். ஆள் தெளிவாக இருக்கிறார், ரத்த அழுத்தம் 118, சிறுநீர் நன்றாகப் போகிறது, காலில் இன்னும் வீக்கம் இருக்கிறது. நீர் வேகமாக இறங்கும்போது கிரியேட்டினின் தற்காலிகமாக இவ்வளவு ஏறுவது வழக்கம்தான். 2011இல் வெளியான டோஸ் என்ற ஆய்வில், அதிக அளவு பியூரோசெமைடு பெற்றவர்களுக்குக் கிரியேட்டினின் கூடுதலாக ஏறினாலும், இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது சிறுநீரகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வீக்கத்தோடேயே ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதுதான் உண்மையான ஆபத்து.

ஆகவே ஊசியைத் தொடர்கிறார்கள். பொட்டாசியம் 3.3க்கு இறங்கியதால் அதைச் சரிசெய்து, பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பைரனோலாக்டோனைக் குறைந்த அளவில் சேர்க்கிறார்கள். ஏழாம் நாள் எடை 68.5, ஹீமோகுளோபின் 11.9, கிரியேட்டினின் 1.6. ரத்தம் எதுவும் ஏற்றாமல் ஹீமோகுளோபின் கூடியதற்குக் காரணம், ரத்தத்தில் கலந்திருந்த கூடுதல் நீர் போனது. டோர்செமைடு 40 மில்லிகிராமோடு வீட்டுக்குப் போகிறார். ரத்தக் குழாயைத் தளர்த்தும் மாத்திரை ஒன்றும், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் டாபாகிளிப்லோசின் என்ற மாத்திரையும் கூடவே.

இரண்டு மாதம் கழித்து அதே மனிதருக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் எல்லா மாத்திரைகளையும் தவறாமல் போட்டுவிட்டார். கிரியேட்டினின் 2.3. போன முறை மருத்துவமனையில் சேர்ந்த அன்று இருந்த அதே எண்.

ஆனால் எடை 65. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 112, எழுந்து நின்றால் 86, தலை சுற்றுகிறது. படுத்திருக்கும்போதும் கழுத்துச் சிரை தெரியவில்லை. காலில் வீக்கம் இல்லை. ஹீமோகுளோபின் 13.1. யூரியா கிரியேட்டினினைவிட வேகமாக ஏறியிருக்கிறது. பொட்டாசியம் 5.7. இப்போது தேக்கம் இல்லை, உள்ளே வரும் ரத்தமே போதவில்லை. இந்த நிலையில் டோர்செமைடைக் கொடுத்தால் போன முறை காப்பாற்றிய மருந்தே சிறுநீரகத்தைக் காயவைத்துவிடும். அதை நிறுத்துகிறார்கள். ஸ்பைரனோலாக்டோன், ரத்தக் குழாய் தளர்த்தி, டாபாகிளிப்லோசின் மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, நீர்ச்சத்தை நிதானமாக ஏற்றுகிறார்கள்.

இரண்டு முறையும் முடிவைச் சொன்னது எடை, கழுத்துச் சிரை, நின்று பார்த்த ரத்த அழுத்தம், ஹீமோகுளோபினின் போக்கு ஆகியவை. கிரியேட்டினின் ஏதோ சரியில்லை என்று மட்டும்தான் சொன்னது. இவற்றிலும் எந்த ஒன்றையும் தனியாக நம்ப முடியாது. உதாரணமாக, அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையால்கூடக் கணுக்கால் வீங்கும். அதற்குத் தண்ணீர் மாத்திரையைக் கூட்டினால் நஷ்டம்தான்.

கிரியேட்டினின் ஏற மூன்றாவது காரணமும் உண்டு. ரத்தக் குழாய் தளர்த்தியையோ டாபாகிளிப்லோசினையோ தொடங்கியதும் சிறுநீரக வடிகட்டிக்குள் அழுத்தம் சற்று இறங்கும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். தளர்த்தி தொடங்கியபின் 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் பொதுவாக அப்படியே விடுவார்கள், ஏனென்றால் நீண்ட காலத்தில் அவை இரண்டு உறுப்புகளையும் காக்கின்றன. ஆனால் டைக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இந்தக் கூட்டத்தில் சேரவே கூடாது. அவை சிறுநீரக வடிகட்டிகளுக்குப் போகும் நுண்தமனிகளை இறுக்கி, தண்ணீர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூட்டு வலிக்கு ஒரு வாரம் சாப்பிட்டதே மருத்துவமனை வரை கொண்டுவந்துவிடும்.

வீட்டில் பார்க்க வேண்டியது

தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது கொழுப்பு இல்லை, நீர்தான். கால் வீங்கும் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வழக்கத்தைவிட 2 கிலோ இறங்கி, எழும்போது தலை சுற்றினால் அதையும் அன்றே சொல்ல வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் எந்த மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதை நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் நீங்களாக முடிவு செய்யும் நிலை வரக்கூடாது.

அந்த 68 கிலோ என்ற எண்ணும் என்றென்றைக்கும் சரியாக இருக்காது. பசி குறைந்து தசை கரையும்போது, தசை போன இடத்தை நீர் நிரப்பிக்கொள்ளும். தராசு அதே 68ஐக் காட்டும், உள்ளே 3 கிலோ நீர் மறைந்திருக்கும். எடை மாறாமல் மூச்சு மட்டும் வாங்க ஆரம்பித்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும். அதனால் இலக்கு எடையைச் சில மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதித்து மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

நம் பெரியவர் நான்கு நாளில் 67.5 கிலோவுக்கு வந்தார், கிரியேட்டினின் 1.6. நிறுத்திய மாத்திரைகளைத் திரும்பத் தொடங்க மறந்துவிடுவது அடிக்கடி நடப்பது; இரண்டு வாரத்தில் ஆள் மறுபடியும் வீங்கிப்போய் வந்து நிற்பார். எனவே அவர் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்த அன்றே டோர்செமைடை 20 மில்லிகிராமில் தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து டாபாகிளிப்லோசின், பொட்டாசியம் 4.6 ஆனதும் ரத்தக் குழாய் தளர்த்தி, கடைசியாக ஸ்பைரனோலாக்டோன். எடை 69ஐத் தாண்டினால் டோர்செமைடை மறுபடி 40 ஆக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி, ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள்.